துடைபட்டுப்போன மச்சம்

செல்லசாமி ஏறிய நோர்வூட் பஸ் போன பிறகுதான், அவர் ஸ்டூடியோ மேசையில் மறந்து விட்டுப்போன மாதிரிப் படம், நெகடிவைப் பென்சிலால் திருத்தும் அழகனின் கண்ணில் பட்டது. பென்சில் படுவதற்கு முன் அச்சடித்த படம். அதில் அவர் பெண்சாதி நாகலெட்சுமியின் இடது கன்னத்தில் மச்சம் இருந்தது.

இப்போது கவரில் போட்டுக் கொடுத்தனுப்பிய படத்தில் அது இல்லை.

அந்தப் பெண்ணின் தாய் கடல் தாண்டி இந்தியாவில் சாகக் கிடக்கிறாள். போய்வரும் பத்திரத்துக்குத்தான் இந்தப் படம். அடையாளம் என்ற இடத்தில் இடது கன்னத்து மச்சம் என்று தோட்டத்துக் கிளாக்கர் எழுதியிருக்கிறாராம். படத்தில் ஒரு முகம், எழுத்தில் ஒரு முகம். போகும்போது அதிகாரி கண்ணுக்குத் தப்பினாலும், திரும்பி வரும்போது தலைமன்னார் துறைமுகச் சோதனையில் தப்பாது. இவள் அவள் இல்லை என்று சொல்லிவிட்டால் புருஷன் இங்கே, பெண்சாதி அங்கே. அப்படிப் போனவர்கள் கதை ஹட்டன் கடைத்தெருவில் தினம் ஒன்று காதில் விழுகிறது.

நெகடிவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். கன்னத்தில் கண்ணாடி போலத் தெளிந்திருந்த புள்ளி, பென்சிலால் அடைபட்டிருந்தது. தூசி விழுந்த ஊசித்துளையும் அப்படித்தான் தெரியும். அடைக்காவிட்டால் படத்தில் கறுப்பாக விழும். துளை என்று நினைத்து மச்சத்தை அடைத்துவிட்டான்.

முதலாளி ஹலீம் பின்கட்டிலிருந்து வந்து இரண்டையும் பார்த்தார். பென்சில் மேசைக்கு மேல் அவர் ஆணியடித்து வைத்த அட்டை தொங்கியது: முகம், நிலை, உடுப்பு, பின்புறம். இந்த நாலையும் ஒத்துப் பார்க்காமல் எந்தப் படமும் கடையை விட்டு இறங்கக் கூடாது.

"பாத்தியா இல்லியா?"

"பாத்தேன் மொதலாளி. நாலும் சரியா இருந்திச்சு."

"எதோட வச்சுப் பாத்த?"

அழகன் நடந்ததைச் சொன்னான். மாதிரிப் படத்தைச் செல்லசாமி தோட்டத்து லய வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்; இன்றைக்குத்தான் திரும்பக் கொண்டுவந்தார். பெண்சாதி முகத்தைக் கண்டவன் கடையில் விட்டுப்போக மாட்டேன் என்று அடம் பிடித்தவர் அவர். அதனால், பென்சில் போட்ட அதே நெகடிவில் இன்னொன்று அடித்து, அதோடு ஒப்பிட்டிருந்தான்.

"களவாணிக்குக் களவாணியே சாட்சி" என்றார் ஹலீம். "ஒத்துப்போகாம என்ன செய்யும்? டர்பன்டைன எடு."

பஞ்சில் தொட்டுத் துடைத்ததும் பென்சில் கரைந்தது, புள்ளி தெளிந்தது. இருட்டறையில் அவசர அவசரமாக அடித்து, கழுவி, விசிறியால் வீசிக் காயவைத்தான். தோட்டத்துப் பத்திரங்களை எடுத்துக்கொண்டு தபால்காரன் மத்தியானம் கிளம்பிவிடுவான். கவர் பைக்குள் போய்விட்டால் அதற்கப்புறம் யார் கையைப் பிடிப்பது?

"மச்சம் வந்திருச்சு மொதலாளி. நான் ஓடுறேன்."

"நில்லு. நாலையும் சொல்லு. இந்தத் தடவ அந்த மாதிரிய வச்சு."

"முகம்... மச்சம் இருக்கு. நிலை, நேராத்தான் நிக்கிறாங்க. உடுப்பு..."

மாதிரியில் முந்தானை இடது தோளில். புதியதில் வலது தோளில். நெகடிவைப் புரட்டி வைத்து அடித்திருக்கிறான். மச்சமும் வலது கன்னத்துக்குப் போய்விட்டது. மச்சம் இருக்கிறதா என்று பார்த்தவன், எந்தக் கன்னம் என்று பார்க்கவில்லை.

ஹலீம் திட்டவில்லை. அதுதான் அவனை இன்னும் கலக்கியது. "திரும்ப அடி" என்றார்.

மூன்றாவது படத்தில் முகமும் நிலையும் உடுப்பும் பின்னால் தொங்கிய திரையின் மடிப்பும் மாதிரியோடு ஒத்தன. அதையும் மாதிரியையும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான். ஒவ்வொரு வளைவிலும் எதிரே சைக்கிள் வந்தால் தபால்காரன்தானோ என்று எட்டிப் பார்த்தான்.

தோட்டத்து ஆபீஸ் வாசலில் செல்லசாமி கவரோடு நின்றார். கிளாக்கர் இன்னும் கூப்பிடவில்லை. பக்கத்தில் நாகலெட்சுமி.

"அண்ணே, அந்தப் படம் வேணாம். இத வைங்க."

"ஏன், காசு இன்னும் வேணுமா?"

"மச்சம் போயிருச்சுண்ணே. என் தப்பு."

செல்லசாமி கவரைப் பிரித்தார். பழையதையும் புதியதையும் மாதிரியையும் கையில் விரித்தார். பிறகு பெண்சாதியின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, அவளையும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"காலையில நானுந்தான் பாத்தேன்" என்றார் மெதுவாக. "நல்லா இருக்கான்னு மட்டும் பாத்துட்டேன்."

"அப்ப திரும்பி வர முடியாம நான் அங்கயே நின்னுருப்பேன்" என்றாள் நாகலெட்சுமி.

அழகன் பழைய படத்தைக் கிழித்தான். உள்ளேயிருந்து கிளாக்கர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் கன்னத்தை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டு படியேறினாள்.