பிரேக் இல்லாமல் வாசல் தாண்டாது

"மூஞ்சிய மூடு! அவன்தான் வர்றான்!"

ஆணிக்கடை அக்கா வீசிய பச்சைத் துண்டை வெல்டர் காற்றிலேயே பிடித்தான். மூக்கு, வாய், காது எல்லாவற்றையும் சேர்த்துச் சுற்றி இறுக்கினான். கறுப்புக் கண்ணாடியை மாட்டி, தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டான். சுவரோரம் நின்ற பொருளைத் தார்ப்பாயால் அவன் மூடி முடிக்கவும், வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

வந்தது அவன் மச்சான். மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். தோளில் கனத்துக் கிடந்த சாக்கை 'ணங்'கென்று தரையில் இறக்கி, உள்ளேயிருந்து ஓர் இரும்புப் பெட்டியை உருவினான். எல்லாப் பக்கமும் பற்றவைத்து, காசு போட மேலே ஒரு கீறல் மட்டும் விட்ட பெட்டி. அந்தப் பற்றவைப்பு யார் கை என்று வெல்டர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நேற்றுவரை அது அவன் வீட்டுக் கட்டிலடியில்தான் இருந்தது.

"இத வெட்டணும். இங்க கட்டிங் மெஷின் இருக்காமே?"

"யாரு பெட்டிண்ணே?" என்றாள் அக்கா.

"என்னோடதுதான். சாவி தொலஞ்சு போச்சு."

அக்கா பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "பூட்டே இல்லையே, சாவி எங்கேருந்து வந்துச்சு?"

மச்சானின் முகத்தில் அசடு வழிந்தது. "அட, ஒரு பேச்சுக்குச் சொன்னேன். வெட்டுவீங்களா, மாட்டீங்களா?"

"பேச்சுக்குச் சொல்றவங்களுக்கு இங்க கூலி ரெண்டு மடங்கு. அதுவும் முழுசா முன்னாடியே."

"கொள்ளையா இருக்கே!"

"ரம்பம் வச்சு அறுத்துப் பாத்துட்டுத்தானே வந்திருக்கீங்க? ஓரமெல்லாம் கீறல் தெரியுதே."

மச்சான் பெட்டியை ஒருமுறை குலுக்கினான். உள்ளே கலகலவென்று செல்வச் சத்தம். கணக்குப் போட்டவன்போலத் தலையாட்டி, பர்ஸைத் திறந்தான்.

வெல்டர் இயந்திரத்தைக் கையில் எடுத்தான். மச்சானின் பூட்ஸ்தான் முதலில் கண்ணில் பட்டது.

அந்த பூட்ஸுக்கு ஒரு கதை உண்டு. மகளுக்கு ஒரு சைக்கிள் வாங்கத்தான் வெல்டர் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிக் காசு சேர்த்தான். மகளின் செல்லப் பெயர் வாண்டு. கோடை விடுமுறை முடிந்ததும் புதுப் பள்ளி. பஸ் போகாத தடம். நடந்தால் கால் தேய்ந்துவிடும். முதல் சேமிப்பு பவுடர் டப்பாவில் இருந்தது. "கைமாத்துதான் தங்கச்சி, அடுத்த வாரம் தந்துடறேன்" என்று மச்சான் அள்ளிப் போனான். இரண்டாவது சேமிப்பு துணி மடிப்பில். அதுவும் அப்படியே. அடுத்த வாரமும் வந்தது, மச்சானும் வந்தான். காசு வரவில்லை. புது பூட்ஸ் வந்தது.

வாண்டு அந்த பூட்ஸையே பார்த்தாள். மச்சான் சிரித்தான். "பொட்டப் புள்ளைக்கு எதுக்குடி சைக்கிள்? விழுந்து பல்லு போச்சுன்னா எவன் கட்டுவான்?"

அவள் அழவில்லை. பின்சுவரில் தன் உயரத்துக்குச் சாக்பீஸால் ஒரு சைக்கிள் வரைந்து வைத்திருந்தாள். ஈரத் துணியை எடுத்துப் போய், சக்கரத்திலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல அதை அழித்தாள். வெல்டர் கதவருகே நின்று கடைசிவரை பார்த்தான். மறுநாளே தடித் தகடு வாங்கி அந்தப் பெட்டியைச் செய்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் மச்சான் கண்ணெதிரே அதில் போட்டான். "நல்லா குலுங்குதே மாப்ளே" என்று மச்சான் நாக்கைச் சுழற்றிக்கொள்வான். ஆளை அளந்துதான் வெல்டர் பொறி வைத்திருந்தான். அவன் வேலை செய்யும் பட்டறையை விட்டால், தகடு வெட்டும் இயந்திரம் இருப்பது இந்தக் கடையில் மட்டும்தான்.

இயந்திரத்திலிருந்து தீப்பொறி பறந்தது. மச்சான் பின்வாங்கித் தார்ப்பாயில் சாய்ந்தான்.

"அதுமேல சாயாதீங்கண்ணே. வயிறு எரிஞ்சு ஒருத்தர் வாங்கின சாமான்."

தகடு பிளந்தது. மச்சான் பாய்ந்து கவிழ்த்தான். தரையெங்கும் உருண்டது வாஷர். துருப்பிடித்த நட்டு. கம்பித் துண்டு. மறுபடி வாஷர்.

மச்சான் ஒரு வாஷரை எடுத்துப் புரட்டிப் பார்த்தான். யாரைத் திட்டுவது? திருடினேன் என்று சொல்லாமல் ஏமாந்தேன் என்று எப்படிச் சொல்வது?

"உங்க சொத்தாச்சே, அள்ளிக்கிட்டுப் போங்க" என்றாள் அக்கா. அவன் சாக்கைக்கூட எடுக்காமல் நடந்தான்.

வெல்டர் தார்ப்பாயை விலக்கினான். உள்ளே நின்றது சிவப்பு சைக்கிள்.

சைக்கிள் பாகம் விற்கும் அந்த ஆணிக்கடையின் வழக்கமே தனி. பலகையிலேயே எழுதியிருக்கும்: 'ஒவ்வொரு பாகமாக வாங்குங்கள். உங்கள் ஆணியில் மாட்டி வைக்கிறோம். ஆணியில் தொங்குவதை யாரும் கைமாத்துக் கேட்க மாட்டார்கள்.' கூலி வந்த கையோடு வெல்டர் இங்கே வந்துவிடுவான். முதலில் ஃப்ரேம். வாண்டைச் சுவரோரம் வெறுங்காலோடு நிற்கவைத்து, காலிடுக்கில் ஒரு புத்தகத்தைக் கொடுத்து, தரையிலிருந்து அதன் விளிம்புவரை அளந்துதான் அக்கா ஃப்ரேம் எடுத்தாள். "வளர்ற புள்ள. சீட்டுக் கம்பிய நீளமா போடு, வருஷா வருஷம் ஏத்திக்கலாம்." பிறகு ஹப், ரிம், கம்பிகள், பெடல், செயின். நடுவில் விலை ஏறியது. ஆணியில் தொங்கிய பாகத்துக்கு ஏறவில்லை. டயரை மட்டும் எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் அக்கா வாங்கவிட்டாள். "ரப்பரு. சும்மா தொங்கினா வெடிச்சுடும்." சக்கரத்தில் கம்பி கோத்து, கோட்டம் எடுத்தது வெல்டரே. சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ரிம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கக் கம்பியை அரைத் திருகு இறுக்குவான். கூலி மிச்சம்.

எல்லாம் ஆச்சு. பிரேக் மட்டும் பாக்கி. பள்ளி திறப்பதோ திங்கட்கிழமை. கையில் ஒன்றும் இல்லை.

"கடனாக் குடுங்கக்கா. அடுத்த கூலியில தந்துடறேன்."

"கடன்னு ஒண்ணு இங்க கிடையாது. பிரேக் இல்லாம என் வாசலத் தாண்டவும் கூடாது" என்றவள், உள்ளே போய் ஒரு முழு பிரேக் செட்டை எடுத்து வந்து அவன் ஆணியில் மாட்டினாள். அவன் காதோடு ஏதோ சொன்னாள். வெல்டர் ஒரு கணம் விழித்தான். பிறகு பல மாதங்களாகச் சிரிக்காத சிரிப்பையெல்லாம் சேர்த்துச் சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டுக்கு வந்தபோது, தெருக்கோடியிலிருந்து சிவப்பாக ஒன்று சீறி வந்தது. பூட்ஸ் நுனிக்கு ஒரு விரல்கடை முன்னால் 'க்ரீச்'சென்று நின்றது.

"எப்படி மாமா பிரேக்கு?" என்றாள் வாண்டு, பல்லெல்லாம் தெரிய.

மச்சானுக்கு முகம் கறுத்தது. "ஏது மாப்ளே இவ்ளோ காசு? பெட்டிய ஒடச்சீங்களா?"

"எந்தப் பெட்டி மச்சான்?"

"பெட்டியத்தான் காணோம்ணே" என்றாள் தங்கை. "போலீஸ்ல எழுதிக் குடுக்கலாமா?"

"சேச்சே, அதெல்லாம் எதுக்கு..."

"பிரேக்குக்குத்தான் காசு பத்தாம நின்னுச்சு. நல்லவேளை, யாரோ குடுத்துட்டாங்களாம். யாருன்னு கேட்டா இவரு சொல்ல மாட்டேங்கிறாரு."

"யாரு மாப்ளே அந்தப் புண்ணியவான்?"

வெல்டர் கொடியில் கிடந்த பச்சைத் துண்டை எடுத்தான். மூக்கு, வாய், காது எல்லாவற்றையும் சேர்த்துச் சுற்றினான். சட்டைப் பையிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மச்சான் பக்கம் திரும்பினான்.

"வெட்டுனது நான், அதனால கூலி என்னுதுன்னு அக்கா சொல்லிட்டாங்க. ரெண்டு மடங்கு, அதுவும் முழுசா முன்னாடியே. நீங்கதானே மச்சான் குடுத்தீங்க!"