ஸ்பாமில் கிடந்த வேலை

எனக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. சீட்டு எழுதும் டாக்டரையும் நம்ப மாட்டேன், மருந்தை எடுத்துக் கொடுக்கிறவனையும் நம்ப மாட்டேன். ரெண்டு தடவை பார்த்துத்தான் ஊசி போடுவேன். பதினோரு வருஷம் நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஒரு தப்பும் நடக்காததற்கு அந்தச் சந்தேகம்தான் காரணம். அதனால் குளோரியைச் சந்தேகப்பட்டதில் எனக்கு முதலில் ஒரு கூச்சமும் இல்லை.

குளோரி என் வார்டில்தான் வேலை பார்த்தாள். 2010 ஆகஸ்டில் மஸ்கட் ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கொச்சியில் இன்டர்வியூ நடந்தது. ரெண்டு பேரும் ஒரே ரயிலில் போனோம், ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மூன்று வாரத்தில் மெயில் வரும், போன் பண்ணாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். செப்டம்பரில் குளோரிக்கு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அந்த அக்டோபர் இருபதாம் தேதியோடு எனக்கு முப்பத்தைந்து வயது முடிகிறது. அதற்குப் பிறகு அந்த ஆஸ்பத்திரியில் எடுக்க மாட்டார்கள். இன்டர்வியூவில் என்னைத்தான் அதிகம் கேட்டார்கள், நான்தான் நன்றாகப் பதில் சொன்னேன். பின்னே அவளுக்கு மட்டும் எப்படி?

"ஏட்டி, ஸ்பாம்ல பாத்தியா? சில நேரம் அதுல போய்க் கெடக்கும்," என்றாள் குளோரி. "வா, நான் பாத்துத் தாரேன்."

பார்த்தீர்களா? என்னையே என் பாஸ்வேர்டைத் தட்டச் சொல்லிப் பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கப் போகிறாளாம். "எனக்குப் பாக்கத் தெரியும், நீ ஒன் ஜோலியப் பாரு," என்றேன்.

பார்க்கவில்லை. இன்பாக்ஸை மட்டும் பார்த்தேன். அதில் இல்லாதது எதிலும் இருக்காது என்பது என் எண்ணம்.

மெயில் அனுப்ப நான் போகிற இடம் மார்த்தாண்டத்தில் ஆன்ட்ரூஸ் அண்ணனின் பிரவுசிங் சென்டர். எங்கள் சபையில் பாட்டுக் குழுவில் இருப்பவர். வெளிநாட்டுக்கு மனுப் போடும் நர்சுகள் எல்லாருக்கும் அவரிடம் ஒரே 'ஃபார்மட்' உண்டு. பெயரை மட்டும் மாற்றி அனுப்பிவிடுவார். தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் "அர்ஜென்ட் அர்ஜென்ட் கைன்ட்லி ரிப்ளை", பக்கத்தில் மூன்று ஆச்சரியக்குறி. உள்ளே, "பிரெய்ஸ் தி லார்ட். டியர் பிலவட் சார் இன் கிறைஸ்ட்" என்று ஆரம்பித்து, விலைமதியாத நாமத்தினால் வாழ்த்துச் சொல்லி, தன் குடும்பக் கஷ்டத்தை எடுத்துரைத்து, ஒரு வசனத்தில் முடியும். கீழே சர்டிபிகேட் எல்லாம் ஒரு ஜிப்பில் கட்டி, எட்டு எம்பி. அந்த ஆஸ்பத்திரியின் வெப்சைட்டில் எத்தனை முகவரி இருந்ததோ அத்தனைக்கும் ஒரே தட்டில் போகும். சபைக் கடிதம் அப்படித்தான் எழுதுவோம், மரியாதை அதில்தான் இருக்கிறது என்று நானும் நினைத்தேன்.

என் முடிவு என்ன ஆயிற்று என்று கேட்டு அப்படி நான்கு மெயில் அனுப்பினேன். செப்டம்பர் கடைசி வாரத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள். ஒரு பதிலும் இல்லை. கிணற்றில் கல்லைப் போட்டால்கூடச் சத்தம் கேட்கும்.

ஆக, குளோரிதான் ஏதோ செய்திருக்கிறாள். என்னைப் பற்றி அங்கே ஏதாவது எழுதியிருப்பாள். இந்த எண்ணம் வந்தபிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. திங்கள்கிழமை டூட்டி ரூமில் ரெண்டு சிஸ்டர்மார் இருக்கும்போதே கேட்டேன்.

"குளோரி, என்னப் பத்தி மஸ்கட்டுக்கு என்ன எழுதின? நேரா சொல்லு."

"எனக்கென்னட்டி ஒன்னப் பத்தி எழுதக் கெடக்கு?" அவள் முகம் சிவந்துவிட்டது. "கோட்டிக்காரி மாதிரிப் பேசாத கேட்டியா."

முகம் சிவக்கிறது என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் மேட்ரன் ஞானபாய் அம்மாவிடம் போய், "குளோரி மஸ்கட்டுக்குப் போறா, மெடிக்கல் எல்லாம் முடிஞ்சு, உங்ககிட்ட யாரும் சொல்லலியா?" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டு வந்தேன். எங்கள் ஆஸ்பத்திரியில் யாராவது வெளிநாடு போகிறார்கள் என்று முன்கூட்டித் தெரிந்தால் அனுபவச் சான்றிதழை இழுத்தடிப்பார்கள். அதில்லாமல் விசா வேலை நகராது. இது தெரிந்துதான் சொன்னேன். இன்றைக்கும் வெட்கமில்லாமல் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், வெட்கப்பட்டுத்தான் சொல்கிறேன்.

புதன்கிழமை, அக்டோபர் ஆறாம் தேதி. மதியம் டூட்டி முடிந்ததும் ஆன்ட்ரூஸ் அண்ணன் கடைக்குப் போய் ஐந்தாவது மெயிலுக்கு உட்கார்ந்தேன். அவர் பழைய ஃபார்மட்டைத் திறந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சவம், போன் பண்ணாதே என்றால் பண்ணக் கூடாதா? இன்டர்வியூ கடிதத்தில் இருந்த நம்பரைத் தட்டினேன். ரெண்டு பேர் கைமாறி, நியமனப் பிரிவில் பிபின் என்று ஒருவர் வந்தார். என் இங்கிலீஷைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். எங்கள் பக்கத்துக் களியக்காவிளைக்காரராம்.

"ஜாஸ்பினா? வரிசை எண் நூத்திப் பதினேழு? ஒங்களுக்குப் போன மாசம் எட்டாம் தேதியே ஆஃபர் அனுப்பியாச்சே. ஒங்க பதில் ஒண்ணும் கிட்டல்ல."

"நான் நாலு மெயில் அனுப்பினேன் சார்."

"நிக்குங்க, எங்க ஸ்பாம்ல பாக்கேன்." தட்டும் சத்தம் கேட்டது. பிறகு சிரிப்புக் கேட்டது. "அடப்பாவமே. நாலும் இங்க கெடக்கு. ஒங்களுது மட்டுமில்ல, இதே மாதிரி வேற எட்டுப் பேரு, ஒரே எழுத்து, பேரு மட்டும் வேற. யாரு எழுதித் தாரா?"

ஆன்ட்ரூஸ் அண்ணனைப் பார்த்தேன்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. டியர் பிலவட் இன் கிறைஸ்ட்னு தொடங்கி எங்களுக்கு நித்தமும் மெயில் வரும். ஆப்பிரிக்காவுல மாப்பிள்ளை செத்துப்போன ஏதோ கோடீஸ்வரி, சொத்த ஒங்களுக்கு எழுதித் தாரேன்னு. ஃபில்டருக்கு அவளும் நீங்களும் ஒண்ணுதான். அதுக்கு மேல அர்ஜென்ட்டு, ஆச்சரியக்குறி, ஜிப்பு, பன்னெண்டு முகவரி. இதுல எந்த ஒண்ணும் தனியா வந்தா ஒருவேள தப்பிச்சிருக்கும். எல்லாம் சேந்து வந்தா மெஷின் விடாது."

"பின்ன நீங்க அனுப்பினது ஏன் எனக்குக் கிட்டல்ல?" என்றேன், குற்றம் அவர் பக்கமும் இருக்கட்டும் என்று.

"ஒங்க ஸ்பாமப் பாருங்க. முப்பது நாள்ல அதுவே அழிஞ்சுபோவும். இன்னைக்கு இருபத்தெட்டு. நாளைக்கும் மறுநாளும் எங்களுக்கு லீவு. எனக்கு மூணு மணிக்கு ஃபைல் மூடணும், ஒங்க ஊருல நாலரை. வேற ஃபைலா இருந்தா போன வாரமே மூடியிருப்பேன். குளோரின்னு ஒரு சிஸ்டர் ரெண்டு தடவ எழுதிக் கேட்டா, ஜாஸ்பினுக்கு மெயில் கிட்டல்லபோல, கொஞ்சம் பொறுங்க சார், எங்க வார்டுல அவதான் நல்ல நர்சுன்னு. அதான் வெச்சிருக்கேன்."

போனைக் காதில் இடுக்கிக்கொண்டு மவுஸைப் பிடித்தேன்.

ஸ்பாமைத் திறந்தேன். எட்டாம் தேதி மெயில் கிடந்தது. அது தானாகப் போய்க் கிடக்கவில்லை. பார்த்ததுமே ஞாபகம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரி பெயரில் இல்லாமல் அதை நடத்தும் கம்பெனி பெயரில் ஏதோ முகவரி. 'வாழ்த்துகள், நீங்கள் தேர்வாகியிருக்கிறீர்கள், பாஸ்போர்ட் நகல் அனுப்புங்கள்' என்று தலைப்பு. விசா மோசடிக்காரன் என்று முடிவுகட்டி, திறந்துகூடப் படிக்காமல், ஸ்பாம் என்ற பொத்தானை அமுக்கியது நான். அதற்குப் பிறகு அந்த முகவரியிலிருந்து வந்த ரெண்டு நினைவூட்டலையும் ஜிமெயில் தானாகவே கொண்டுபோய் அங்கேயே போட்டிருக்கிறது. நான் சொன்னதைத்தானே அது செய்தது?

"கிட்டிச்சா?" என்றார் பிபின்.

"கிட்டிச்சு சார்."

"அத ஸ்பாம் இல்லன்னு அமுக்கி இன்பாக்ஸுக்குக் கொண்டு வாங்க. என் முகவரிய கான்டாக்ட்ல சேருங்க. புதுசா மெயில் எழுதாதீங்க. என் மெயிலுக்குக் கீழயே ரிப்ளை பண்ணுங்க, தலைப்பத் தொடாதீங்க. எனக்கு மட்டும். ஒங்க முகவரிய நானும் இங்க நம்பிக்கையானதுன்னு போடுதேன்."

ஆஃபர் கடிதத்தைப் பிரின்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். ஆன்ட்ரூஸ் அண்ணன் அதை ஸ்கேன் செய்து ஒரே பிடிஎஃப் ஆக்கினார். பிறகு வழக்கம்போலக் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"பிரெய்ஸ் தி லார்ட் போடாண்டாமா மக்கா? வெறுமன எப்படித் தொடங்க?"

"மனசுல சொல்லிக்கிடுவோம் அண்ணா. கர்த்தருக்கு ஸ்பாம் கெடையாது."

நானே அடித்தேன். 'மதிப்பிற்குரிய திரு. பிபின், உங்கள் செப்டம்பர் 8 கடிதத்தை இன்றுதான் பார்த்தேன். ஸ்டாஃப் நர்ஸ் வேலையை ஏற்கிறேன். கையெழுத்திட்ட கடிதம் இணைப்பில். வேறு ஏதும் தேவையானால் சொல்லுங்கள்' என்பதை இங்கிலீஷில் நான்கு வரி. கீழே பெயர், வரிசை எண் 117, கொச்சி இன்டர்வியூ தேதி, போன் நம்பர். வேறொன்றுமில்லை. ரொம்ப மொட்டையாக இருந்தது, மரியாதை இல்லாததுபோல. அனுப்பினேன். ஆறு நிமிஷத்தில் பதில் வந்தது: கிடைத்தது, சனிக்கிழமை விசா வேலை தொடங்கும், அனுபவச் சான்றிதழ் அனுப்பவும்.

அந்தக் கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். குளோரிக்கும் அதே சான்றிதழ்தான் வேண்டும்.

நாகர்கோவில் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். மேட்ரன் அறை வாசலை எட்டும்போதே ஞானபாய் அம்மாவின் குரல் கேட்டது: "மூணு மாசம் கழிச்சுப் பாப்போம்." உள்ளே குளோரி நின்றிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அம்மா, நேத்து இவளப் பத்தி நான் சொன்னது பொறாமையில சொன்னது," என்றேன். "எனக்கும் அங்கயே ஆர்டர் வந்திருக்கு. இவளுக்கு சர்டிபிகேட் எழுதுங்க. எனக்குத் தாறதும் தராததும் உங்க இஷ்டம்."

ஞானபாய் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி எங்கள் ரெண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். பேனாவை எடுத்தார், வைத்தார். "ரெண்டு பேரும் வெளிய நில்லுங்க. யோசிச்சுச் சொல்லுதேன்."

வராந்தாவில் நின்றோம். நான் பிபின் சொன்னதைச் சொன்னேன், மன்னித்துக்கொள் என்றேன், அழுதேன். குளோரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் வார்டில் நான் ஊசி மருந்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேனே, அந்தப் பார்வை.

"எல்லாஞ் சரி ஜாஸ்பின்," என்றாள். "இப்ப எதுக்கு எனக்காவப் பேசின? ஒனக்கு இதுல என்ன கிட்டப் போவுது?"