ஏழில் கேது

லிஃப்ட் மெக்கானிக்குக்கு நாற்பது வயதில் ஜாதகப் பைத்தியம் பிடித்தது. மனைவியின் கட்டம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். மிதுன லக்னம், லக்னத்திலேயே ராகு. ராகுவும் கேதுவும் எப்போதும் நேரெதிரே நிற்பதால் கேது ஏழில், கணவனுக்குரிய வீட்டில். போதாததற்குக் கேது திசை நடந்துகொண்டிருந்தது. ஏழு வருடத்தில் இன்னும் இரண்டு பாக்கி.

அவள் பேச்சு குறைந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவாள். ஒருநாள் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

"முதுகு வலிக்குதுங்க. புரண்டு புரண்டு படுக்கிறேன், உங்க தூக்கமும் கெடுது."

அவர் தலையாட்டினார். ஏழில் கேது என்றால் தாம்பத்தியத்தில் பற்று விட்டுப்போகும். இழுத்துப் பிடித்தால் அறுந்துவிடும், திசை முடியட்டும் என்று ஒதுங்கியே இருந்தார். அது பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டார். புடவை இடுப்பில் நிற்காமல் அவள் பின் குத்திக்கொண்டதைப் பார்த்தும் கேட்கவில்லை.

எட்டு மாதம் கழித்து, துணி உலர்த்தப் போன இடத்தில் மயங்கி விழுந்தாள். கணையத்தில் கட்டி, ஈரல்வரை பரவிவிட்டது என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளுடைய அக்காவிடம் சொன்னார்: "காலை ஆறு பத்துக்குப் பிறந்தவ. இந்த ஜாதகத்துல வியாதியே இல்லையே!"

"ஆறு பத்தா? யார் சொன்னா? எட்டு பத்து. நான் ஸ்கூலுக்குக் கிளம்பி நிக்கிறேன், உள்ளே குழந்தை அழுது. எழுதினவர் எட்டை ஆறுன்னு படிச்சிருப்பார்."

அவர் பேனாவை எடுத்தார். ரசீதின் பின்புறம் கட்டம் போட்டார். இரண்டு மணி நேரத்தில் கிரகங்கள் ராசி மாறவில்லை. லக்னம் மட்டும் கடகத்துக்கு நகர்ந்தது. வீடெல்லாம் ஒன்று தள்ளிப்போயிற்று. ராகு பன்னிரண்டில்: கெட்ட தூக்கம், ஆஸ்பத்திரிப் படுக்கை. கேது ஆறில்: கண்டுபிடிக்க முடியாமல் உள்ளேயே வளரும் நோய்.

"என்ன மாப்பிள்ளை எழுதுறீங்க?"

"அவளுக்கு என் மேல வெறுப்பே இல்லை."

"அதைத் தெரிஞ்சுக்கக் கட்டம் வேணுமா? வலிக்குதுன்னு வாய்விட்டுச் சொன்னாளே!"

அவருடைய ஜாதகத்தில் எட்டில் ராகு, இரண்டில் கேது. மறைபொருளைத் தோண்டும் வெறி. குடும்ப ஸ்தானத்தில் பற்றின்மை. நூறு தடவை பார்த்திருக்கிறார். பெரிய ஆராய்ச்சியாளன் ஜாதகம் என்று பெருமைப்பட்டிருக்கிறார்.

உள்ளே போனார். எலும்பாகிப் போன கை போர்வைக்கு வெளியே கிடந்தது. பிடித்துக்கொண்டார்.

"வேலைக்குப் போகலையா?" என்றாள்.

"போகலை. உன்கூடத்தான் இருக்கப்போறேன்."

"இப்பவா?" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். ஆனால் மனசு தன்பாட்டில் நாள் எண்ணிக்கொண்டிருந்தது: கேது திசையில் சனி புத்தி, அது முடிய இன்னும் பதினோரு நாள். நிறுத்தப் பார்த்தார், நிற்கவில்லை. அவள் நான்காம் நாளே போய்விட்டாள்.