மூன்றாம் வரியில் பிரேக்

எங்கள் போட்டித்தேர்வுக் குழுவுக்கு முத்துக்குமார்தான் தலைவர். எங்களில் யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. மூன்று முறை தேர்வு எழுதித் தோற்றவருக்கு அனுபவம் அதிகமாம். பெரிய காஞ்சிபுரத்தில் நூலக மாடியில் கூடுவோம். வாரம் ஒரு கையேடு தருவார், அடியில் கொட்டை எழுத்தில் தன் பெயரோடு.

அந்த வாரம் நியூட்டனின் மூன்று விதிகளை மூன்று வரியாகச் சுருக்கியிருந்தார்.

‘தள்ளாதவரை எதுவும் மாறாது: பஸ் சட்டென்று கிளம்பினால் பின்னால் சாய்கிறோம். அதே தள்ளு, ஆள் கூடினால் சோம்பல்: காலி பஸ் பறக்கும், கருடசேவைக் கூட்டம் ஏறிய பஸ் முனகும். கொடுத்தது அதே அளவில் திரும்பும்: பிரேக் போட்டால் முன்னால் விழுகிறோம்.’

முதல் இரண்டும் சரி. மூன்றாவது வரியும் சரிதான், உதாரணம்தான் சுத்த உளறல். பஸ் நின்றாலும் உடம்பு போன வேகத்திலேயே போகப் பார்க்கிறது, அதனால் விழுகிறோம். அது முதல் விதி. மூன்றாவதற்கு இரண்டு பொருள் ஒன்றையொன்று தள்ள வேண்டும். டயர் சாலையைப் பின்னால் தள்ளுகிறது, சாலை டயரை முன்னால் தள்ளுகிறது, பஸ் ஓடுகிறது. தினமும் கூரம் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வரும் மனிதருக்கு இது கூடத் தெரியவில்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. தப்பைக் காட்டுகிறவர்தான் புதிதாக எழுதி, நகலெடுத்து, எல்லோருக்கும் விளக்க வேண்டும் என்பது குழுவின் விதி. அதனால் இரண்டு வருடமாக அவர் கையேட்டில் தப்பே கிடையாது! இந்த மேதாவிக்கு நான் எதற்கு உழைக்க வேண்டும் என்று நினைத்தேன். அவர் தேர்வில் மண்ணைக் கவ்வட்டும் என்றும் நினைத்தேன்.

பக்கத்தில் துர்காதேவி அக்கா கண்ணை மூடி மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். விடியற்காலையில் தறியில் உட்கார்ந்து எழுந்து வருகிறவர். வயது வரம்பு முடிகிறது, இதுதான் அவருக்குக் கடைசித் தேர்வு.

“பிராமி, இன்னா அழகா எழுதிக்கீறாரு பாரு. மறக்கவே மறக்காது” என்றார் என்னிடம்.

நான் சிரித்தேன். அக்காவையும் சேர்த்துத்தான் ஏளனம் செய்தேன்.

தேர்வு முடிந்து வாசலில் முத்துக்குமார் முகத்தைத் தொங்கப்போட்டு நின்றார்.

“பிரேக் கேள்வி வந்துச்சுபா. ஹாலுக்குள்ள யோசிச்சா நம்ம உதாரணம் தப்புன்னு தெரிஞ்சிது. நான் முதல் விதின்னு மாத்திப் போட்டுட்டேன். யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்ல?”

அப்போது அக்கா ஓடிவந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“பஸ் பிரேக் கேள்வி வந்துச்சு பிராமி! யோசிக்கவே இல்ல, மூணாவது விதின்னு டக்குனு போட்டுட்டேன். நீ இன்னா போட்ட?”

முத்துக்குமார் தலை குனிந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது, அவரைப் பார்த்து அல்ல, அக்காவைப் பார்த்து.

“முதல் விதி, அக்கா” என்றேன். “கையேடு குடுத்த அன்னிக்கே எனக்குத் தெரியும்.”