ஐம்பதாயிரம் சம்பளக்காரரின் பங்கு

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. வராத அந்தக் கலையில் ஒரே ஒரு பொய்யைச் சொல்லி, அதையும் ஐந்து வருஷமாகக் காப்பாற்றி வந்தார். அதற்கு வட்டி கட்டியது நான்.

எங்கள் வீட்டில் சம்பாதிப்பவர்கள் நான்கு பேர். நான் மருந்துக்கடையில் நிற்கிறேன். அவர் மரச்சாமான் கிடங்கில் சூப்பர்வைசர். கொழுந்தன் பஸ் ஓட்டுகிறான். டிரைவர்கள் சங்கத்துக்குச் செயலாளர் வேறு. அவன் மனைவி, என் ஓரகத்தி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அடுப்படி முழுக்க அத்தையின் ராஜ்யம். வாடகை, மளிகை, கரண்ட், கேஸ் எல்லாம் சேர்த்து மாதம் நாற்பத்தெட்டாயிரம் ஆகும். ஆளுக்குப் பன்னிரண்டாயிரம். முதல் தேதி ஃப்ரிட்ஜ் மேலிருக்கும் பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட வேண்டும்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். என் சம்பளம் இருபதாயிரம். பன்னிரண்டை டப்பாவில் போட்டால் மிச்சம் எட்டு. பஸ், போன், என் அம்மாவின் மாத்திரை என்று அந்த எட்டும் இருபதாம் தேதிக்குள் காலி. மருந்துக்கடையில் ஏழு வருஷமாக அடுத்தவர் சொன்ன மாத்திரையை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன். சாயங்கால வகுப்பில் மருந்தாளுநர் டிப்ளமோ முடித்தால் நானே சொல்லும் இடத்துக்கு வரலாம். மாதம் நாலாயிரம் கட்டணம். அந்த நாலாயிரத்துக்கு எங்கே போவது?

அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் வாயைத் திறந்தேன்.

"எல்லாரும் ஒரே மாதிரி சம்பாதிக்கலையே. ஏன் ஒரே மாதிரி போடணும்? கைக்கு வர்ற சம்பளத்துக்கு ஏத்த மாதிரி போடலாமே."

ஓரகத்திக்குக் கணக்கு என்றால் கொண்டாட்டம். காலண்டர் தாளைக் கிழித்து, திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "அக்கா சொல்றது சரிதான். அக்கா இருபது. நான் இருபது. இவர் முப்பது. மாமா, நீங்க?"

என் வீட்டுக்காரர் வாங்குவது முப்பத்தைந்து. எனக்குத் தெரியும், பேங்க் மெசேஜை நான்தான் படித்துச் சொல்வேன். ஆனால் தம்பிக்குப் பஸ் வேலை கிடைத்த அன்று, "எனக்கும் ஐம்பதாக்கிட்டாங்க" என்று அத்தையிடம் அளந்துவிட்டிருந்தார். கணக்கு என்று வந்தால் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அத்தை முந்திக்கொண்டார். "பெரியவனுக்கு ஐம்பது. எழுதும்மா."

என் வீட்டுக்காரர் தண்ணீர் குடித்தார். ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தார். வாயை மட்டும் திறக்கவில்லை.

"மொத்தம் நூத்தி இருபது. செலவு நாப்பத்தெட்டு. அப்போ நூத்துக்கு நாப்பது. அக்காவுக்கு எட்டு, எனக்கு எட்டு, இவருக்குப் பன்னிரண்டு, மாமாவுக்கு இருபது."

எனக்கு நாலாயிரம் மிச்சம்! அவருக்கு எட்டாயிரம் கூடுதல்! முப்பத்தைந்தில் இருபது போனால் பதினைந்து. வண்டித் தவணையே ஒன்பது.

அந்த மாதம் அவர் பட்ட பாட்டை நான் வாயால் சொல்ல மாட்டேன் என்று நினைத்திருந்தேன். ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெட்ரோலை மிச்சம் பிடிக்க வண்டியை நிறுத்திவிட்டு, உடம்புக்கு நல்லது என்று கிடங்குக்கு நடந்தே போனார். செருப்பு பிய்ந்து, புதுச் செருப்புக்குப் பெட்ரோலைவிட அதிகம் ஆனது. டீயை விட்டேன் என்றார். தலைவலி மாத்திரையை என் கடையிலேயே கடன் வாங்கினார். மாதக் கடைசியில், துணி மடித்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து பூனைபோல் உட்கார்ந்தார்.

"அந்த நாலாயிரம்... இந்த ஒரு மாசம் மட்டும்..."

எனக்கு வந்ததே கோபம்! "உங்க ஐம்பதாயிரத்துக்கு என் படிப்பு வேணுமா? கட்டணம் கட்ட செவ்வாய்க்கிழமை கடைசி நாள். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன். பக்குவமா சொல்றேன்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் மேஜையில் இருக்கும்போது பக்குவமாகச் சொன்னார். "கம்பெனியில சம்பளத்தைக் குறைச்சுட்டாங்க. முப்பத்தஞ்சுதான் இனிமே."

அத்தை கரண்டியைக் கீழே வைத்தார். கொழுந்தன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "பதினஞ்சாயிரம் குறைச்சானா? ஒரே அடியா? நோட்டீஸ் குடுத்தானா?"

"இல்ல... வாய்லதான்..."

"வாய்லயா! அண்ணே, நீ வாயில்லாப் பூச்சி, நான் அப்படியில்ல. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு நம்ம சங்கத்து ஆளுங்க நாப்பது பேரோட கிடங்கு கேட்ல நிக்கறேன். முதலாளி வெளிய வந்து பதில் சொல்லட்டும்." சொல்லிக்கொண்டே போனை எடுத்துவிட்டான்.

"வேணாம்டா! அவர் நல்ல மனுஷன்டா!"

"நல்ல மனுஷன் செய்யற வேலையா இது? ஹலோ, தலைவரே..."

என் வீட்டுக்காரர் பாய்ந்துபோய்ப் போனைப் பிடுங்கினார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. "யாரும் குறைக்கலடா. எப்பவும் முப்பத்தஞ்சுதான்டா."

போனுக்குள் தலைவர் மட்டும் "எத்தனை மணிக்கு, எத்தனை மணிக்கு" என்று கத்திக்கொண்டிருந்தார்.

கொழுந்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிரித்தவனைப் பார்த்துக் கேட்டேன்: "போன மாசம் பாதி ஞாயித்துக்கிழமை வண்டியில இருந்தீங்களே, அந்த ஓவர்டைம் எங்கே? கைக்கு வர்றதுன்னுதானே பேச்சு?"

சிரிப்பு நின்றது. "அது... அது சம்பளம் இல்ல அண்ணி. அது வேர்வை."

"மாசாமாசம் வர்ற வேர்வை எவ்வளவு?"

"பத்து," என்றாள் ஓரகத்தி. புருஷனைக் காட்டிக்கொடுத்த வேகத்தில் அவளுக்கே நாக்கைக் கடிக்கத் தோன்றியிருக்க வேண்டும். "இவ ட்யூஷன்ல வர்ற அஞ்சு மட்டும் என்னவாம்?" என்று அவன் திருப்பிக் கொடுத்தான்.

நான் என் சம்பளச் சீட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். ஒவ்வொருவராக எழுந்துபோய் எடுத்து வந்தார்கள். ட்யூஷனுக்குச் சீட்டு இல்லாததால் ஓரகத்தி நோட்டைக் கொண்டுவந்தாள். காலண்டரின் அடுத்த தாளும் கிழிந்தது.

இருபது, முப்பத்தைந்து, நாற்பது, இருபத்தைந்து. கூட்டினாள். மறுபடி கூட்டினாள். டீச்சர் முகம் சுருங்கியது.

"நூத்தி இருபதுதான் வருது. அதேதான். மாமா கூட்டிச் சொன்னதும் நாங்க குறைச்சுச் சொன்னதும் சரியாப் போச்சு."

நூற்றுக்கு அதே நாற்பது. எனக்கு எட்டு, அவருக்குப் பதினாலு, கொழுந்தனுக்குப் பதினாறு, ஓரகத்திக்குப் பத்து. கொழுந்தன் பிடரியைச் சொறிந்துகொண்டே, இந்த மாதம் அண்ணன் கூடுதலாகப் போட்ட ஆறாயிரத்தை, தான் நாலும் மனைவி இரண்டுமாக அவர் கையில் கொடுத்தான்.

அத்தைக்குத்தான் ஆறவில்லை. "தெரு முழுக்க ஐம்பதுன்னு சொல்லி வெச்சிருக்கேனேடா பாவி. இனிமே நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு காய்கறிக் கடைக்குப் போவேன்?" சொல்லும்போது கண்ணில் நிஜமாகவே தண்ணீர். அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அந்த நிமிஷம் அவர்மேல் இரக்கமாகவும் இருந்தது, சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை கிடங்கில் லீவு சொல்லிவிட்டு அவரும் என்னோடு கிளம்பினார். கல்லூரி ஜன்னலில் நீள வரிசை. எழுதிக்கொண்டிருந்த அம்மாள் நிமிராமல் கேட்டாள்.

"கணவர் சம்பளம்?"

நான் அவரைப் பார்த்தேன். பின்னால் இருபது பேர், முன்பின் தெரியாதவர்கள். ஐ... என்று அவர் உதடு விரிவதைக்கூடப் பார்த்தேன்.

"முப்பத்தஞ்சு," என்றார்.

"சீட்டு இருக்கா? நாப்பதுக்குக் கீழன்னா கட்டணத்துல பாதி தள்ளுபடி."

சட்டைப்பையிலிருந்து சம்பளச் சீட்டை எடுத்து, மடிப்பை நீவி, ஜன்னலுக்குள் நீட்டினார். பிறகு வரிசை முழுவதும் திரும்பிப் பார்க்கும் குரலில் சொன்னார்:

"நல்லா பார்த்துக்கோங்கம்மா. வெறும் முப்பத்தஞ்சுதான்!"