முப்பதாம் தேதிதான்

மறுநாள் காலை எங்கள் காசோலை வங்கிக்குப் போய்விடும். கணக்கில் அவ்வளவு பணம் இல்லை. கம்பி வாங்கும்போதே கெடு தேதியிட்டுக் கொடுத்த காசோலை அது. திரும்பி வந்தால் இரும்புக்கடை முதலாளி இனி ஒரு துண்டுக் கம்பியைக்கூடக் கடனுக்குத் தரமாட்டார். எங்கள் லேத் பட்டறை அத்தோடு படுத்துவிடும்.

“பம்பு கம்பெனிக்காரன் நம்ம பணத்தைத் தராம இழுத்தடிக்கிறான்னு முதலாளிக்கு எழுது. யாரு போய்க் கேக்கப் போறா?” என்றார் என் வீட்டுக்காரர்.

சொல்ல வாய் கூசவில்லை பாருங்கள். பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு பம்புக்கான அறுபது புஷ் வளையங்களிலும் துளையை அரை மில்லிமீட்டர் பெரிதாகக் கடைந்த மகராசன் அவர்தான். கம்பெனி அத்தனையையும் திருப்பி அனுப்பியது. மறுபடி கடைந்து கொடுப்பதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது.

பூசி மெழுகாமல் எழுதினேன். பில் எண் 318. தவறு எங்களுடையது. புதிய சரக்கு நேற்றுச் சோதனையில் தேறிவிட்டது. ஒப்புதல் சீட்டின் நகல் இணைப்பில். கம்பெனியிலிருந்து பணம் இருபத்தெட்டாம் தேதி வரும். மூன்றில் ஒரு பங்கை இன்றே அனுப்பிவிட்டோம். மீதிக்கு முப்பதாம் தேதி வரை அவகாசம் வேண்டும். அந்தத் தேதியிட்ட புதிய காசோலையும் இத்துடன் இருக்கிறது.

போனில் சொன்னால் குழைந்துவிடுவேன் என்று பயந்து, கடிதத்தோடு நேரிலேயே போனேன். வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போனேன்.

முதலாளி கடிதத்தை இரண்டு முறை படித்தார். பின்னால் கம்பி அறுக்கும் இயந்திரம் காதைக் கிழித்தது. தவறு எங்களுடையது என்ற இடத்தில் விரலை வைத்து, என் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தார். இவர் கூரையை ஆராயத் தொடங்கினார்.

“இருபத்தஞ்சுன்னு போட்டுக்கலாமா?” என்று முதலாளி கேட்டார்.

வீட்டுக்காரரின் தலை ஆடத் தொடங்கியது. அவர் காலை நன்றாக மிதித்தேன்.

“முடியாதுங்க. இன்னைக்கு இருபத்தஞ்சுன்னு சொல்லிட்டா, அன்னைக்கு வந்து உங்ககிட்ட பொய்தான் சொல்லணும். முப்பதுதாங்க.”

அவர் நாட்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மேசை இழுப்பறையைத் திறந்து பழைய காசோலையை எடுத்து என் முன்னால் வைத்தார். புதியதை வாங்கிக்கொண்டார்.

பிறகு கணக்கரைக் கூப்பிட்டார். “கம்பி மில்லுக்கு நாம இருபத்தாறாம் தேதி பணம் கட்டணும்ல? ஒரு வாரம் தள்ளிக் கேட்டு லெட்டர் போடுங்க.”

“லாரி வர லேட்டாயிடுச்சுன்னு எழுதட்டுமா?” என்றார் கணக்கர்.

முதலாளி என் கடிதத்தை அவரிடம் நீட்டினார்.

“வேணாம். நமக்கு வர வேண்டிய பணத்துக்கு நான் தவணை கொடுத்துட்டேன்னே எழுதுங்க.”