தொண்ணூற்றொன்பது சதவீத மீத்தேன்

மணியம் வாயுப் பையை அணைத்துக்கொண்டு செனாவாங் நகரத்து ஆய்வுக்கூடத்துக்குள் வந்தார். தோட்டத்துச் செம்பனை ஆலையில், கழிவுநீர்க் குளத்து வாயுவில் ஓடும் மின்சார இஞ்சினைப் பார்த்துக்கொள்பவர்.

"இன்னொரு தடவ பாருங்கம்மா. இஞ்சின் இழுக்கவே மாட்டேங்குது. போன மாசம் நீங்க மீத்தேன் தொண்ணூத்தொம்பதுன்னு கொடுத்தீங்க. கேஸ் நல்லா இருக்கு, அப்ப கோளாறு ஒன்கிட்டதான்னு மேனேஜர் சொல்லிட்டாரு. திங்கக்கெழமலேர்ந்து இஞ்சின விட்டுட்டு, லாரியில பழம் எறக்குற வேலைக்குப் போகணும் லா."

ஆய்வுக்கூடத்து வேதியியலாளர் மாதவி பழைய அறிக்கையை எடுத்துப் பார்த்தாள். குளத்து வாயுவில் எங்காவது தொண்ணூற்றொன்பது வருமா? கல்லூரிப் பிள்ளைகூடச் சிரிக்கும். இவள் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறாள்.

போன மாதம், வெப்பக் கடத்தலை அளக்கும் டி.சி.டி. கருவியின் கம்பி எரிந்து கிடந்தது. மாதிரியைச் சுடரில் எரித்து அளக்கும் எஃப்.ஐ.டி.க்கு அனுப்பிவிட்டாள். தொழிற்சாலைகளின் பெயின்ட் தின்னரையே நாள் முழுக்கப் பார்த்த கை. தின்னரில் எல்லாமே எரியும். வரைபடத்தில் எழும் கோடுகளின் பரப்பைக் கூட்டிச் சதவீதம் போட்டால் ஏறக்குறைய சரியாக வரும். குளத்து வாயுவில் எரிவது ஏறக்குறைய மீத்தேன் மட்டுமே. கரியமில வாயு, நைட்ரஜன், ஆக்சிஜன் எதுவும் அந்தச் சுடருக்குத் தெரியாது. அந்த ஒரு கோட்டையே தொண்ணூற்றொன்பது என்று கணினி சொல்ல, இவளும் தலையாட்டினாள்.

கம்பி மாற்றிய டி.சி.டி.யில் மாதிரியைச் செலுத்தினாள். மாதிரியைச் சுமந்து செல்லும் ஹீலியத்தோடு ஒப்பிட்டால் எந்த வாயுவும் வெப்பத்தை வேறு விதமாகத்தான் கடத்தும். ஆகவே எதுவும் தப்பவில்லை. மீத்தேன் நாற்பத்து நான்கு, கரியமில வாயு இருபத்தெட்டு, மீதி நைட்ரஜனும் ஆக்சிஜனும். வெறும் காற்று.

"குளத்து மூடி எங்கயோ கிழிஞ்சிருக்குண்ணே. காத்து ஏறுது."

மணியத்தின் முகம் மலர்ந்தது. "அப்ப, போன மாசம் நல்லா இருந்துச்சு, இப்பதான் கிழிஞ்சிருக்குன்னு எழுதிருங்க மா."

அப்படியே எழுதிவிடலாம் என்று ஒரு கணம் மனம் தாவியதே, அதை நினைத்துத்தான் அவள் அதிகம் கூசினாள். அளவு தெரிந்த மீத்தேனை எஃப்.ஐ.டி.யில் செலுத்தி, போன மாதத்துக் கோட்டை அதோடு ஒப்பிட்டாள். அதே நாற்பத்து நான்கு.

"அப்பவும் காத்துதாண்ணே. நான்தான் தப்பா பாத்தேன். ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல. மேனேஜர்கிட்ட இப்பவே ஃபோன்ல சொல்றேன்."

எண்ணை அழுத்திவிட்டு, மணியம் கோபப்படுவார் என்று காத்திருந்தாள். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. அவர் ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க படிச்சவங்க, தப்பா எழுதமாட்டீங்கன்னு, என் மேலதான் தப்புன்னு நானே ஒத்துக்கிட்டேன் மா. மேனேஜர்கிட்ட மன்னிப்புகூடக் கேட்டுட்டேன்."

மறுமுனையில் மேனேஜர் 'ஹலோ' என்றார். "மணியண்ணே ஒங்ககிட்ட கேட்ட மன்னிப்பு, நான் கேக்க வேண்டியது சார்" என்றாள் மாதவி.